முதல் கொப்புளத்திலிருந்து மூன்று நாள்

அக்கி கொப்புளமாகத் தொடங்குவதில்லை. பெரும்பாலோருக்கு அது வெறும் வலியாகத்தான் தொடங்குகிறது. தோலில் ஒரு புள்ளிகூட இருக்காது. ஆனால் முதுகிலோ விலாவிலோ இடுப்பிலோ ஒரு பக்கம் மட்டும் எரியும், குத்தும், நமநமவென்று அரிக்கும். சட்டைத் துணி உரசினாலே கூசும். இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஐந்து நாள்வரை இப்படியே போகும். பிறகுதான் அதே இடத்தில் தோல் சிவந்து கொப்புளம் கிளம்பும். அந்த முதல் கொப்புளம் கிளம்பியதிலிருந்து ஏறத்தாழ 72 மணி நேரத்துக்குள் மாத்திரை உள்ளே போய்விட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த மூன்று நாள் பல வீடுகளில் எப்படிக் கரைகிறது என்பதை ஒருவரை வைத்துப் பார்த்தால் விளங்கும். இவரைப் போன்றவர்களை எந்தத் தோல் மருத்துவப் பிரிவின் வாசலிலும் பார்க்கலாம்.

வயது 63. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே வலி. படுத்தால் அது முதுகிலிருந்து விலாவைச் சுற்றிக்கொண்டு மார்புக்குக் கீழ்வரை ஓடுகிறது. திங்கட்கிழமை அதை வாயு என்று முடிவு செய்கிறார்கள். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, இரவில் தைலம். தைலம் தேய்த்த இடம் குளிர்வதற்குப் பதில் இன்னும் எரிகிறது. செவ்வாய்க்கிழமை மகன் பயந்துபோய் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறார். ஈசிஜி எடுக்கிறார்கள், சரியாக இருக்கிறது. “தசைப்பிடிப்பா இருக்கும்” என்று வலிமாத்திரை தருகிறார்கள். அந்த நேரத்தில் அந்த மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. தோலில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

புதன்கிழமை காலை குளிக்கும்போது முதுகு தேய்த்துவிட வந்த மனைவி கேட்கிறார்: “ஏங்க, இங்க என்னங்க இது, செவந்து கெடக்கு? கடுகு கடுகா பொரிஞ்சிருக்கு.” கடிகாரம் ஓடத் தொடங்குவது இந்த நிமிடத்தில்தான். ஆனால் அது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சூட்டுக் கொப்புளம் என்று சந்தனம் அரைத்துப் போடுகிறார்கள். வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்ததும் சரியாகச் சொல்லிவிடுகிறார், “இது அக்கிடா தம்பி. வேளார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் எழுதிட்டு வா.” வியாழன், வெள்ளி, சனி என மூன்று நாளும் காவி எழுதுகிறார்கள். சனிக்கிழமை காலையிலேயே 72 மணி நேரம் முடிந்துவிட்டது. அன்றிரவு அவர் தூங்கவில்லை. திங்கட்கிழமை தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “கொப்புளத்தை மொதல்ல எப்ப பாத்தீங்க?”

இவருக்கு மருத்துவர் என்ன செய்தார் என்பதற்குப் போகும் முன், வலி ஏன் முந்தி வருகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். அது புரிந்தால் மூன்று நாள் கணக்கும் தானே புரியும்.

சின்ன வயதில் நமக்கெல்லாம் அம்மை போட்டிருக்கும். வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் முடிந்துபோனதாக நினைத்திருப்போம். சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் அப்படி உடம்பைவிட்டுப் போவதில்லை. தோலிலிருந்து நரம்பு வழியாகப் பின்வாங்கி, தண்டுவடத்தை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகளுக்குள் ஒடுங்கிவிடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அங்கேயே அடக்கி வைத்திருக்கும். வயது ஐம்பதைத் தாண்டும்போது அந்தப் பிடி தளர்கிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் ஆகியோருக்கு இன்னும் சீக்கிரமே தளரலாம். சர்க்கரை நோயும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அப்போது ஏதோ ஒரு முடிச்சில் மட்டும் வைரஸ் விழித்துக்கொண்டு பெருகுகிறது.

சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் வேலை என்பது இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் சங்கதி. அதை உறுதி செய்ததில் ஒரு கிராமத்து மருத்துவருக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்தில் சிரன்செஸ்டர் என்ற சிறிய ஊரில் பொது மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை வருடக்கணக்கில் விடாமல் குறித்து வைத்தார். அக்கி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றி வருவதில்லை, பழைய அம்மையின் வைரஸ் உள்ளேயே இருந்து மீண்டும் எழுகிறது என்று 1965இல் அவர் எழுதினார். நோயாளிகளை நன்றாகத் தெரிந்த ஒரு மருத்துவர் நோட்டும் பேனாவுமாகச் செய்த வேலை அது. எனக்கு அதில் மிகுந்த மதிப்பு உண்டு.

ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வருவதன் காரணமும் அந்த முடிச்சில்தான் இருக்கிறது. தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஏறக்குறைய ஒவ்வொரு நரம்புக்கும் தோலில் அதற்கென்று ஒரு பகுதி உண்டு. உடம்பின் நடுப்பகுதியில் அந்தப் பகுதிகள் முதுகெலும்பில் தொடங்கி, விலாவைச் சுற்றி, முன்பக்க நடுக்கோட்டில் முடியும் பட்டைகளாக இருக்கின்றன. ஹென்றி ஹெட், கேம்ப்பெல் என்ற இரண்டு மருத்துவர்கள் 1900இல் வெளியிட்ட ஆய்வில், அக்கி வந்து பின்னால் இறந்துபோனவர்களின் உடல்களைப் பரிசோதித்து, தோலில் எங்கே கொப்புளம் இருந்ததோ அதற்குரிய முடிச்சில் சிதைவு இருப்பதைக் காட்டினார்கள். எந்த நரம்பு தோலில் எதுவரை போகிறது என்ற வரைபடம் கிடைத்ததில் அக்கிக் கொப்புளங்களுக்கே பங்கு உண்டு.

இப்போது வரிசையைப் பாருங்கள். வைரஸ் முதலில் முடிச்சில் பெருகுகிறது. முடிச்சு வீங்கி அழற்சி அடைகிறது. வலியை மூளைக்குச் சொல்லும் நரம்பணுக்கள் இருக்கும் இடமே அதுதான் என்பதால் அப்போதே வலி வந்துவிடுகிறது. அங்கிருந்து வைரஸ் நரம்பு இழை வழியாக வெளியே பயணம் செய்து தோலை வந்து சேர்ந்த பிறகுதான் கொப்புளம். ஆகவே கொப்புளத்தைப் பார்க்கும்போது நரம்புக்குள் சண்டை தொடங்கிச் சில நாள் ஆகியிருக்கிறது. அதற்குமேல் தாமதிப்பதால் என்ன நஷ்டம் என்பது இதிலிருந்தே தெரியும்.

வலி மட்டும் இருக்கும் நாள்களில் இதை அடையாளம் காண முடியுமா? உறுதியாக முடியாது. ஆனால் சந்தேகப்படலாம். தசைப்பிடிப்பு வலி அசைந்தால் கூடும், ஒரு நிலையில் படுத்தால் குறையும். அக்கி வலி அசைவைப் பொருட்படுத்தாது; சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் எரியும். அதைவிட நல்ல அடையாளம் மேல்தோலின் கூச்சம். வலிக்கும் இடத்தில் விரல் நுனியால் லேசாக வருடிவிட்டு, மறுபக்கத்தில் அதே இடத்தை வருடிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் துணி பட்டாலே எரிகிறது, அழுத்தினால்கூட அவ்வளவு வலியில்லை என்றால், அது நரம்பின் வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். நமது நடத்துநருக்குத் தைலம் தேய்த்ததும் எரிச்சல் கூடியது இதனால்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலியை அக்கி என்று வீட்டிலேயே முடிவுகட்டிக் காத்திருக்கக் கூடாது. இடப்பக்கம் வந்தால் மாரடைப்போ என்றும், வலது விலாவுக்குக் கீழே வந்தால் பித்தப்பைக் கல்லோ என்றும், இடுப்பில் வந்தால் சிறுநீரகக் கல்லோ என்றும் மருத்துவர்களே பரிசோதித்துத்தான் தள்ளுகிறார்கள். அந்தப் பரிசோதனை அவசியம். ஈசிஜி சரி, ஸ்கேன் சரி என்று வந்த பிறகும் ஒரு பக்க எரிச்சல் நிற்கவில்லை என்றால், அடுத்த ஒரு வாரம் தினமும் இரண்டு முறை சட்டையைக் கழற்றி வீட்டில் ஒருவரை நல்ல வெளிச்சத்தில் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாக இருப்பவர்கள் செல்போனில் படம் எடுத்துப் பார்க்கலாம். முதுகில் கிளம்பும் கொப்புளத்தை உரியவரே பார்க்க முடியாது என்பதாலேயே பலருக்கு ஒரு முழு நாள் போய்விடுகிறது.

கொப்புளம் வந்தபின் அடையாளம் காண்பது எளிது. முதலில் சிவந்த திட்டு. சில மணி நேரத்தில் அதன்மேல் கடுகளவு நீர்க்கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக எழும். ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவே சாதாரணத் தோல் இருக்கும். மூன்று முதல் ஐந்து நாள்வரை புதிய கொத்துகள் அந்தப் பட்டைக்குள்ளேயே வந்துகொண்டிருக்கும். பிறகு நீர் கலங்கும், ஏழு முதல் பத்து நாளில் பொருக்குக் கட்டும், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பொருக்கு உதிரும். முன்னால் நடுக்கோட்டிலும் பின்னால் முதுகெலும்பிலும் பட்டை நின்றுவிடும். சில ஊர்களில், அக்கி பாம்புபோல் உடம்பைச் சுற்றி இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று பயப்படுவார்கள். ஒரு நரம்பின் எல்லை பாதி உடம்போடு முடிகிறது. அதனால்தான் அது சுற்றி வருவதில்லை. இரண்டு பக்கமும் வந்தாலோ, பட்டைக்கு வெளியே உடம்பெங்கும் கொப்புளம் தெறித்தாலோ எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்திருக்கிறது என்று பொருள். அவர்களை மருத்துவமனையில் சேர்த்து ஊசி வழியாக மருந்து தர வேண்டியிருக்கும்.

மழைக்காலத்தில் ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு வரும் ஒரு சிறு வண்டு கழுத்திலோ கையிலோ நசுங்கினால் அந்த இடமும் சிவந்து கொப்புளிக்கும். அதையும் பலர் அக்கி என்று நினைக்கிறார்கள். அதற்கு முன்கூட்டிய வலி கிடையாது. காலையில் எழுந்திருக்கும்போது கோடு இழுத்தாற்போல் தெரியும், நரம்பின் பாதையில் போகாது. முழங்கை மடிப்பில் நசுங்கியிருந்தால் மடித்தால் ஒட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும்.

மருந்துக்கு வருவோம். அக்கிக்குத் தரும் மாத்திரைகள் முக்கியமாக மூன்று: அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், ஃபாம்சிக்ளோவிர். இவற்றில் மூத்தது அசைக்ளோவிர். அதை உருவாக்கிய குழுவில் இருந்த கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மருந்து வேலை செய்யும் விதம் அழகானது. வைரஸ் பெருக வேண்டுமென்றால் தன் மரபுச் சங்கிலியைப் புதிதாகத் தொடுக்க வேண்டும். பூ தொடுப்பவர் கையில் காம்பே இல்லாத ஒரு பூவைத் திணித்தால் அதற்குமேல் முடிச்சு விழாது அல்லவா? அசைக்ளோவிர் அப்படிப்பட்ட பூ. வைரஸின் சொந்த நொதியே அதை எடுத்துத் தயார்செய்து சங்கிலியில் சேர்க்கிறது. அத்தோடு தொடுப்பது நின்றுவிடுகிறது. வைரஸ் இல்லாத அணுக்களில் அந்த நொதி இல்லை என்பதால் நமக்குப் பெரிய தொந்தரவு இல்லை.

இதன் பலமும் எல்லையும் ஒன்றே. புதிய வைரஸ் உருவாவதை இது நிறுத்தும். ஏற்கெனவே உருவான வைரஸை இது அழிக்காது. சிதைந்த நரம்பைத் திரும்பக் கட்டாது. வைரஸ் மும்முரமாகப் பெருகிக்கொண்டிருக்கும்போது போனால் அதற்கு வேலை இருக்கும். பெருக்கம் தானாகவே ஓய்ந்தபின் போனால் தடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

72 மணி நேரம் என்ற எண் எங்கிருந்து வந்தது? இந்த மருந்துகளைச் சோதித்த முக்கியமான ஆய்வுகள், கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் வந்தவர்களையே பெரும்பாலும் சேர்த்துக்கொண்டன. அவர்களுக்குப் புதிய கொப்புளம் சீக்கிரம் நின்றது, பொருக்கு சீக்கிரம் கட்டியது, அந்த வாரங்களின் வலியும் குறைந்தது. ஆகவே 72 என்பது நிரூபணம் இருக்கும் எல்லை. அறுபதாவது மணியைவிட முப்பதாவது மணி நல்லது, அதைவிடப் பத்தாவது மணி நல்லது. நான்காவது நாள் காலையில் கதவு மூடிவிடுவதும் இல்லை. அப்போதும் புதிய கொப்புளம் வந்துகொண்டிருந்தாலோ, கண்ணருகே இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தாலோ மருத்துவர்கள் தாமதத்தைப் பாராமல் மருந்தைத் தொடங்குவார்கள். “நாள் கடந்துபோச்சு, இனிமே போய் என்ன” என்று வீட்டிலேயே இருந்துவிடுவது தவறு.

அளவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெரியவருக்கு அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து முறை, ஏழு நாள். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று நேரம் வைத்துக்கொள்ளலாம். வாயால் எடுக்கும் அசைக்ளோவிரில் சிறு பங்குதான் இரத்தத்தில் சேரும். அதுவும் சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். அதனால்தான் இத்தனை முறை. வாலாசைக்ளோவிர் உள்ளே போய் அசைக்ளோவிராக மாறுகிறது, கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. 1,000 மில்லிகிராம் மூன்று முறை போதும். உதட்டில் வரும் சாதாரணக் கொப்புளத்துக்குத் தரும் அளவு இதைவிட மிகக் குறைவு. அக்கி வைரஸை அடக்க மருந்து கூடுதலாக வேண்டும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கி, 400 மில்லிகிராம் இரண்டு வேளை என்று போட்டுக்கொள்பவர்கள் மருந்து சாப்பிட்டும் சாப்பிடாதவர்களாகவே இருக்கிறார்கள். அதே மருந்தின் களிம்பை மட்டும் தடவுவதும் அப்படித்தான். வைரஸ் நரம்பு முடிச்சில் இருக்கிறது, களிம்பு அங்கே போய்ச் சேராது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதே முழு அளவு ஆபத்தாகும். மருந்து வெளியேறாமல் தேங்கி மனக்குழப்பம், உளறல், நடுக்கம் வரலாம். அதனால் கிரியாட்டினின் பார்த்து அளவைக் குறைத்துத் தருவார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நீண்ட நாளாக உள்ளவர்கள் பழைய பரிசோதனைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. தண்ணீரும் தாராளமாகக் குடிக்க வேண்டும்.

அக்கி எழுதுவதைப் பற்றி. மண்பாண்டம் செய்யும் வேளார், குயவர் குடும்பங்கள் காவியைத் தண்ணீரில் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுதும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வருகிறது. சில ஊர்களில் சிங்க உருவம் வரைவதுண்டு. பெரும்பாலும் காசு கேட்பதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள். ஈரக் காவி எரிச்சலுக்குக் குளிர்ச்சி தருகிறது, காய்ந்தபின் நீரை உறிஞ்சுகிறது. தொடாமல், சொறியாமல் இருக்கவும் அந்தப் பூச்சு உதவுகிறது. அக்கி தானாகவே இரண்டு மூன்று வாரத்தில் ஆறும் நோய் என்பதால், எழுதிய பலருக்கும் ஆறியது. அந்த நம்பிக்கை அப்படி வந்தது. அதை வைத்துக்கொண்டு யாரையும் ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் நரம்பு முடிச்சில் பெருகும் வைரஸை மேலே பூசிய காவி தொடாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கவும் கூடும். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு நேரம்தான். எழுதும் வழக்கம் மூன்று நாள், மருந்துக்கான காலமும் மூன்று நாள். ஒன்று மற்றதை முழுக்க விழுங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வியாழக்கிழமை அக்கி என்று சரியாகக் கண்டுபிடித்தார். அந்த அறிவு நம் ஊரில் நிறைய பேரிடம் இருக்கிறது. அதைச் சொன்ன கையோடு “இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடு” என்றும் சொன்னால் போதும். எழுதித்தான் ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், முதல் மாத்திரையைப் போட்டுவிட்டு, உடையாத கொப்புளமாகப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.

நடத்துநரின் கதைக்குத் திரும்பலாம். திங்கட்கிழமை அவர் மருத்துவரிடம் போனது கொப்புளம் கண்ட ஆறாவது நாள். காவியைக் கழுவிப் பார்த்தபோது முதுகில் இருந்தவை பொருக்குக் கட்டத் தொடங்கியிருந்தன; மார்புப் பக்கம் புதிதாக இரண்டு கொத்துகள் தெரிந்தன. புதியவை வருவதாலும் சர்க்கரை இருப்பதாலும் கிரியாட்டினின் பார்த்து வாலாசைக்ளோவிர் தொடங்கினார்கள். நரம்பு வலிக்கென்று தனியாக இரவில் ஒரு மாத்திரை. நான்காவது வாரத்தில் தோல் ஆறி, திட்டுத்திட்டாகத் தழும்பு மட்டும் இருந்தது. வலி நிற்கவில்லை. நான்காவது மாதத்திலும் மின்விசிறிக் காற்று பட்டால் அந்தப் பட்டை எரிகிறது என்று பனியனைத் துறந்து மெல்லிய துண்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

கொப்புளம் வந்து 90 நாள் கடந்தும் தங்கும் இந்த வலிதான் அக்கியின் உண்மையான கொடுமை. அக்கி வந்த 100 பேரில் 10 முதல் 18 பேருக்கு இது வருகிறது. வயது கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது, தங்கும் காலமும் நீள்கிறது; சிலருக்கு வருடக்கணக்கில். சாதாரண வலிமாத்திரை இதற்குக் கேட்பதில்லை. காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுகிறார்கள். இவை தூக்கக் கலக்கமும் தலைச்சுற்றலும் தரும், வயதானவர்கள் இரவில் எழுந்து விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் பட்டையைத் தோலில் ஒட்டுவதும் உண்டு, தோல் முழுக்க ஆறிய பிறகு.

புதன்கிழமையே மாத்திரை தொடங்கியிருந்தால் இந்த வலி வந்தே இருக்காதா? அப்படி உறுதி சொல்ல முடியாது. சீக்கிரம் தொடங்கிய மருந்து, அந்த முதல் வாரங்களின் வேதனையைக் குறைக்கிறது என்பதில் சந்தேகமில்லை. மாதங்கள் கடந்து நிற்கும் வலியைத் தடுக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் கொப்புளம் வந்த நேரத்து வலி எவ்வளவு கடுமையோ, புண் எவ்வளவு பரவலோ, அவ்வளவுக்குப் பிந்தைய வலியின் வாய்ப்பும் கூடுகிறது என்பது தெரிந்த விஷயம். கையில் இருக்கும் ஒரே துருப்புச் சீட்டை ஐந்து நாள் கழித்து இறக்க வேண்டியதில்லை.

மூன்று நாள் கணக்கே பொருந்தாத ஓர் இடம் முகம். நெற்றியில் ஒரு பக்கம், இமைக்கு மேல், மூக்கின் ஓரத்தில் கொப்புளம் என்றால் அன்றைக்கே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். மூக்கு நுனியில் ஒரே ஒரு கொப்புளம் இருந்தாலும் அதை அலட்சியம் செய்யக் கூடாது. மூக்கு நுனிக்கு வரும் நரம்புக் கிளையே கருவிழிக்கும் போகிறது. ஹட்சின்சன் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்துச் சொன்னார். அந்த அறிகுறிக்கு இன்றும் அவர் பெயர்தான். கண் சிவப்பு, வெளிச்சம் கூசுதல், மங்கல் எல்லாம் தெரிந்தபின் ஓடுவது தாமதம். அதேபோல் காதிலும் காதுக்குள்ளும் கொப்புளம் வந்து, வாய் ஒரு பக்கம் கோணினாலோ கண் மூடாமல் போனாலோ அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் கேட்பது ஒன்று: ஒட்டிக்கொள்ளுமா? அக்கி அக்கியாகத் தொற்றாது. ஆனால் கொப்புள நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. இதுவரை அம்மை போடாத, தடுப்பூசியும் போடாத ஒருவர் அதைத் தொட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். எல்லாக் கொப்புளமும் பொருக்குக் கட்டும்வரை அந்த இடத்தைச் சுத்தமான துணியால் மூடி வைத்து, கைக்குழந்தையையும், அம்மை வராத கர்ப்பிணியையும், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவரையும் தள்ளி இருக்கச் சொன்னால் போதும். தனித் தட்டு, தனி அறை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

அக்கிக்குத் தடுப்பூசியும் உண்டு. ஷிங்ரிக்ஸ் என்ற பெயரில் 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. ஆய்வுகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அக்கி வராமல் காத்தது. விலை கூடுதல், எல்லாக் குடும்பத்துக்கும் எட்டாது. போட்ட ஓரிரு நாள் கைவலி, காய்ச்சல், உடல்வலி இருக்கும். அக்கி ஏற்கெனவே வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் சிலருக்கு அது மறுபடி வருகிறது. கொப்புளம் இருக்கும்போது இது சிகிச்சையாகாது. முழுக்க ஆறிய பிறகுதான் போட வேண்டும். நடத்துநரின் மனைவிக்கு வயது 58. சின்ன வயதில் அவருக்கும் அம்மை போட்டிருக்கிறது. மறுபரிசோதனைக்கு வந்த அன்று அவருக்கான ஊசியைப் பற்றித்தான் மகன் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.